ஒரு லாட் ஊறுகாயைத் திரும்பக் கேட்பது: வாங்கியவர்களுக்கான அறிவிப்பை எழுதும் முறை

"அக்கா, மூடி புடைச்சிருக்குங்க. திறந்தா புஸ்ஸுன்னு சத்தம் வருது. சாப்பிடலாங்களா?"

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு வாடிக்கையாளர் டிசம்பர் 22 காலை போனில் இப்படிக் கேட்டார். ஏற்காட்டில் வீட்டையொட்டிய சிறிய கூடத்தில் நான் ஊறுகாய் போட்டு விற்கிறேன். காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த கொடியிலிருந்து மிளகு பச்சையாக இறங்கும் பருவத்தில், பச்சை மிளகும் பூண்டும் சேர்த்து நல்லெண்ணெயில் ஒரு ஊறுகாய் போடுவேன். 200 கிராம் கண்ணாடி பாட்டில், நீல நிறத் தகர மூடி. அவர் கையில் இருந்தது அதுதான். "தொடாதீங்க, ருசி பார்க்காதீங்க, அப்படியே மூடி ஒரு கவர்ல கட்டி வைங்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்தபோது எனக்கு கை நடுங்கியது. அதே நாளில் போட்ட பாட்டில்கள் இன்னும் எத்தனை வீட்டில் இருக்கின்றன என்பது எனக்கு உடனே தெரியவில்லை.

அன்று மாலைக்குள் ஒரு அறிவிப்பு எழுத வேண்டியிருந்தது. முதலில் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டாவதாக ஒன்று எழுதினேன். புதிதாக உணவுத் தொழிலுக்கு வந்தவர்களுக்கு அந்த இரண்டாவது அறிவிப்பு எப்படி அமைந்தது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: என்ன தவறு என்று உறுதி செய்யுங்கள்

என் வீட்டில் அந்த லாட்டின், அதாவது ஒரே வாணலியில் ஒரே தடவையாகப் போட்ட சரக்கின், ஆறு பாட்டில்கள் இருந்தன. ஒவ்வொரு லாட்டிலும் சிலவற்றை விற்காமல் எடுத்து வைப்பது வழக்கம். அதில் ஒன்றைக் கையுறை போட்டுத் திறந்தேன். எண்ணெயை வடித்துவிட்டு, மிளகையும் பூண்டையும் கொஞ்சம் காய்ச்சி வடித்த நீர் விட்டு விழுதாக அரைத்து, புளிப்பை அளக்கும் பி.எச். மீட்டரை அதில் வைத்தேன். 5.1 காட்டியது. மீட்டரை பி.எச். 4, 7 என்று தெரிந்த இரண்டு பஃபர் கரைசலிலும் சரிபார்த்துவிட்டு மறுபடி வைத்தேன். அதே 5.1.

இந்த எண் ஏன் பயமுறுத்தியது என்பதைச் சொல்ல வேண்டும். மண்ணோடு ஒட்டி வளரும் பூண்டு போன்றவற்றில் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். அவை காற்று இல்லாத இடத்தில்தான் முளைத்துப் பெருகும். எண்ணெய்க்கு அடியில் காற்று இருக்காது. புளிப்பு போதுமான அளவு இருந்தால், அதாவது பி.எச். 4.6-க்குக் கீழே இருந்தால், அந்தக் கிருமி வளராது. அதற்கு மேலே போனால் வளர்ந்து நச்சை உண்டாக்க முடியும். மனிதருக்குத் தெரிந்த மிகக் கடுமையான நச்சுகளில் அது ஒன்று.

நம் பாட்டிமார் போட்ட ஊறுகாயில் இந்தப் பிரச்சினை அதிகம் வராததற்குக் காரணம் உண்டு. உப்பைக் கை நிறைய அள்ளிப் போடுவார்கள், வெயிலில் காய வைப்பார்கள், புளிப்பும் தூக்கலாக இருக்கும். மூன்றும் சேர்ந்து காவல் காத்தன. வாடிக்கையாளர்கள் "உப்பு கம்மியா போடுங்க" என்று கேட்டதால் நான் உப்பைக் குறைத்திருந்தேன். வெயிலில் வைப்பதும் இல்லை. ஆக, எலுமிச்சைச் சாறு ஒன்றுதான் மிச்சமிருந்த காவல். டிசம்பர் 3 அன்று இரண்டு வாணலி போட்டேன். இரண்டாவது வாணலிக்கு வரும்போது சாறு பாதியளவுதான் இருந்தது. மேலே நின்ற சாற்றில் மீட்டரை வைத்துப் பார்த்தேன், 3.9 காட்டியது, போதும் என்று அடைத்துவிட்டேன்.

அங்கேதான் தவறினேன். சாறு 3.9 இருந்தாலும் பூண்டுப் பல்லின் உள்ளே அது 6 அருகில் இருக்கும். சில நாட்களில் பூண்டு புளிப்பை உறிஞ்ச, சாற்றின் பி.எச். மேலே ஏற, இரண்டும் நடுவே எங்கோ வந்து நிற்கும். அந்த நிலைத்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் எல்லாவற்றையும் சேர்த்து அரைத்துப் பார்க்க வேண்டும். முதல் வாணலி பாட்டிலை அப்படியே சோதித்தேன், 4.0 இருந்தது. பழுது இரண்டாவது வாணலியில் மட்டும்தான்.

புடைத்த மூடிக்குள் இருந்த வாயு வேறு கிருமிகளாலும் வந்திருக்கலாம். நச்சு உண்மையிலேயே இருந்ததா என்பதை நான் சோதித்துப் பார்க்கவில்லை. அதற்காகக் காத்திருக்கவும் கூடாது. 5.1 என்ற எண் கிடைத்ததுமே அறிவிப்பு போயாக வேண்டும். சோதனைக்கூட முடிவு வரட்டும் என்று நாட்களைக் கடத்தினால் அத்தனை நாளும் யாரோ ஒருவர் தயிர்ச் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டிருப்பார்.

இரண்டாம் படி: விற்பனையை நிறுத்திவிட்டு எண்ணுங்கள்

எழுத உட்காருவதற்கு முன் போன். ஏரிக்கரைப் பக்கம் எங்கள் பாட்டில்களை வைக்கும் கடைக்கும், சேலம் செவ்வாய்ப்பேட்டை கடைக்கும் கூப்பிட்டு, அலமாரியிலிருந்து எடுத்துத் தனிப் பெட்டியில் வைத்து "விற்கக் கூடாது" என்று எழுதச் சொன்னேன். அப்புறம் நோட்டை எடுத்து எண்ணினேன்.

இரண்டாவது வாணலியில் வந்தது 64 பாட்டில். ஏரிக்கரைக் கடைக்கு 20, செவ்வாய்ப்பேட்டைக்கு 24, நேரடியாக நான் விற்றது 14, என்னிடம் 6. கடைகளில் விற்காமல் இருந்தது முறையே 8, 13. எனவே மக்கள் கைக்குப் போனது 12, 11, 14, மொத்தம் 37. இந்த எண் கிடைத்த பிறகுதான் எனக்கு வேலையின் அளவு புரிந்தது. உங்கள் கணக்கு நோட்டில் எந்த லாட் எந்தக் கடைக்குப் போனது என்ற பத்தி இல்லையென்றால் இன்றே போட்டுவிடுங்கள். அது இல்லாதவர்கள் எல்லா பாட்டிலையும் திரும்பக் கேட்க வேண்டி வரும்.

பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் அன்றே சொல்லுங்கள். பாதுகாப்பற்றது என்று நினைக்கக் காரணம் இருந்தாலே பொருளைத் திரும்பப் பெறத் தொடங்க வேண்டும், துறைக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு. நானே சொன்னதால் எனக்கு நேர்ந்தது கேள்விகளும் ஒரு ஆய்வும்தான். புடைத்த பாட்டிலையும் அந்த அலுவலரிடமே ஒப்படைத்தேன்.

மூன்றாம் படி: அடையாளங்களை எழுதுங்கள்

நான் கிழித்துப் போட்ட முதல் அறிவிப்பில் "டிசம்பர் 3 தயாரிப்பு, லாட் எண் 0312-2" என்று மட்டும் எழுதியிருந்தேன். எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு பாட்டிலைக் கொடுத்து, இதைப் படித்துவிட்டு இது அந்த லாட்டா என்று பார்க்கச் சொன்னேன். அவர் பாட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். லேபிளில் 14 இலக்கத்தில் இருந்த உணவு உரிம எண்ணைக் காட்டி "இதுங்களா?" என்றார். லாட் எண் மூடியின் மேல் மையால் குத்தியிருந்தது. எண்ணெய்க் கையோடு மூடியைத் தொட்டதும் அந்த மை அவர் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. 0312 தெரிந்தது. கடைசி எண் 1-ஆ, 2-ஆ என்று எனக்கே தெரியவில்லை.

அதனால் அடையாளத்தை ஒரே குறியில் நிறுத்தாதீர்கள். வாங்கியவர் கண் போகும் வரிசையில் எழுதுங்கள். முதலில் தூரத்திலிருந்து தெரிவது: பொருளின் பெயர், அளவு, மூடியின் நிறம். பிறகு லேபிளில் தேதி எங்கே இருக்கிறது, என்ன தேதி. அதற்கப்புறம் லாட் எண், அது பாட்டிலில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதோடு. வேறு நீண்ட எண்கள் லேபிளில் இருந்தால், அவை லாட் எண் அல்ல என்றும் சொல்லிவிடுங்கள். பாட்டிலையும் மூடியையும் போட்டோ எடுத்து, எண் இருக்கும் இடத்தில் வட்டம் போட்டுச் சேர்த்தால் இன்னும் நல்லது.

இவை எதுவும் உதவாத வீடுகளும் உண்டு. ஊறுகாயை வாங்கியதும் தங்கள் ஜாடிக்கு மாற்றிவிட்டு பாட்டிலைக் கழுவிப் பருப்பு போட்டு வைப்பவர்கள் நம்மில் பாதிப் பேர். அவர்களுக்கு மூடியும் லேபிளும் கிடையாது. வாங்கிய நாளும் கடையும்தான் அடையாளம். "டிசம்பர் 5-லிருந்து 22 வரை இந்த இரண்டு கடைகளில் வாங்கியது" என்று எழுதியதும் அவர்களுக்கும் வழி கிடைத்தது.

சந்தேகத்துக்கு ஒரே ஒரு விதி வையுங்கள்: எண் அழிந்திருந்தாலோ தெரியவில்லை என்றாலோ, அது பழுதான லாட்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இதனால் முதல் வாணலியின் நல்ல பாட்டில்களும் சில திரும்பி வந்தன. அந்த நஷ்டத்தை ஏற்கத்தான் வேண்டும்.

நான்காம் படி: ஆபத்தை மறைக்காமல் எழுதுங்கள்

கையெழுத்துப் போடும் நேரத்தில் பேனா நழுவப் பார்க்கும் இடம் இது. "தரக் குறைபாடு", "முன்னெச்சரிக்கை நடவடிக்கையாக", "சில காரணங்களால்" என்றெல்லாம் எழுதத் தோன்றும். நானும் முதலில் "தரக் குறைபாடு" என்றுதான் எழுதியிருந்தேன். அதைப் படிப்பவர் ருசி கொஞ்சம் மாறியிருக்கும் போல என்று நினைத்து, ருசி பார்க்கவே பாட்டிலைத் திறப்பார். நம் ஊரில் கெட்டுவிட்டதா என்று பார்க்கும் வழியே முகர்ந்து பார்ப்பது, நாக்கில் ஒரு துளி வைப்பது. இந்த நச்சு விஷயத்தில் அந்தப் பழக்கமே ஆபத்து. நச்சு இருந்தாலும் மணமும் நிறமும் ருசியும் மாறாமல் இருக்கலாம். மூடி புடைக்காமலும் இருக்கலாம். ஆகவே "ருசி பார்க்காதீர்கள், முகர்ந்து பார்க்காதீர்கள், பார்க்க நன்றாக இருந்தாலும் சாப்பிடாதீர்கள்" என்ற மூன்றையும் எழுத வேண்டும்.

இன்னொரு கேள்வி கட்டாயம் வரும்: "சூடு பண்ணிட்டா சரியாயிடுமா?" நன்றாகக் கொதிக்க வைத்தால் இந்த நச்சு அழியும் என்பது உண்மைதான். ஆனால் எண்ணெயில் ஊறிய பூண்டின் நடுப்பகுதி வரை போதிய சூடு போனதா என்பதை அடுப்பங்கரையில் யாராலும் சொல்ல முடியாது. பாட்டிலைத் திறந்து கையாளும்போதே கையிலும் கரண்டியிலும் படும். அதனால் அறிவிப்பில் "சூடாக்கிப் பயன்படுத்தாதீர்கள்" என்று ஒரு வரி போதும். விளக்கத்தைப் போனில் சொல்லிக்கொள்ளலாம்.

ஏற்கனவே சாப்பிட்டவர்களுக்கு என்ன சொல்வது? அறிகுறிகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். இந்த நச்சு நரம்புகளைத் தாக்கும். கண் இமை தானாகச் சரியும், ஒன்று இரண்டாகத் தெரியும், வாய் உலரும், நாக்குக் குழறும், விழுங்க முடியாமல் போகும், பிறகு கை கால் தளரும், மூச்சு விடச் சிரமமாகும். பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்துக்குள் தொடங்கும், சிலருக்குச் சில நாட்கள் கழித்தும் வரலாம். வாந்தியோ வயிற்று வலியோ முதலில் இருக்கலாம், ஆனால் காய்ச்சல் பொதுவாக இருக்காது. இதனால்தான் பலரும் இதை அசதி என்று விட்டுவிடுகிறார்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கும் நோய் இது இல்லை. நச்சு முறி மருந்து இருக்கிறது, ஆனால் அது ஏற்பட்ட தளர்ச்சியைத் திருப்பாது, மேலும் பரவுவதைத்தான் நிறுத்தும். அதனால் நேரம் முக்கியம். மருத்துவரிடம் "இந்த ஊறுகாய் சாப்பிட்டேன், திரும்பப் பெறும் அறிவிப்பு வந்திருக்கிறது" என்று சொல்லி, அறிவிப்பையே காட்டச் சொல்லுங்கள்.

சாப்பிட்டும் அறிகுறி இல்லாதவர்களைப் பீதியடைய வைக்கவும் வேண்டாம். கவனித்துக்கொள்ளச் சொல்லுங்கள், உங்கள் எண்ணைக் கொடுங்கள், மறுநாள் நீங்களே கூப்பிடுங்கள். நான் சாப்பிட்டு முடித்திருந்த வீடுகளுக்கெல்லாம் கூப்பிட்டேன். ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை. கடைசி வீட்டில் "நாங்க நல்லாத்தான் இருக்கோம் கண்ணு" என்று ஒரு பெரியம்மா சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

ஐந்தாம் படி: திருப்பித் தரும் வழியை எளிதாக்குங்கள்

பில் கேட்காதீர்கள். 180 ரூபாய் ஊறுகாய்க்கு யாரும் பில் பத்திரப்படுத்துவதில்லை. பில் கேட்டால் பாட்டில் திரும்பி வராது. பாதி தின்ற பாட்டிலுக்கும் முழுப் பணம் என்று எழுதுங்கள். பதிலுக்கு வேறு ஊறுகாய் என்று மட்டும் சொன்னால் மக்களுக்கு மனம் வராது, முதலில் பணம்தான்.

மலையேறி 20 கொண்டை ஊசி வளைவு சுற்றி யாரும் ஒரு பாட்டிலைக் கொடுக்க வரமாட்டார்கள். அதனால் வாங்கிய கடையிலேயே கொடுக்கலாம் என்று ஏற்பாடு செய்தேன். கடைக்காரர் கையில் பணத்தை முன்கூட்டியே கொடுத்து வைத்தேன், அவர் தன் பணத்தைப் போட்டுவிட்டு எனக்காகக் காத்திருக்கக் கூடாது. பெங்களூரு, சென்னை என்று ஊர் திரும்பிவிட்ட சுற்றுலாக்காரர்களுக்கு வேறு வழி வேண்டும். புடைத்த பாட்டிலைக் கூரியரில் அனுப்பச் சொல்லாதீர்கள், வழியில் உடையும், எடுப்பவர் கையில் படும். மூடியும் லேபிளும் தெரிய ஒரு போட்டோ, பாட்டிலை இரண்டு கவரில் கட்டிக் குப்பையில் போட்ட பிறகு இன்னொரு போட்டோ. பார்த்ததும் யூ.பி.ஐ.யில் பணம்.

நான் எழுதிய அறிவிப்பு இதுதான். இரண்டு கடைகளிலும் ஒட்டினேன், ஒண்டிக்கடை அருகே ஒரு பெட்டிக்கடையில் ஒட்டினேன், நேரடியாக வாங்கியவர்களுக்குப் போன் செய்துவிட்டு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். வெளியூர்க்காரர்களுக்காக ஆங்கிலத்திலும் ஒரு பிரதி.

இந்த ஊறுகாயைச் சாப்பிடாதீர்கள். திருப்பித் தாருங்கள்.

பச்சை மிளகு பூண்டு ஊறுகாய், 200 கிராம், நீல மூடி. லேபிளின் கீழ் வலது மூலையில் தயாரிப்புத் தேதி 03.12. மூடியின் மேல் லாட் எண் 0312-2. எண் அழிந்திருந்தாலும், வேறு ஜாடிக்கு மாற்றியிருந்தாலும், டிசம்பர் 5 முதல் 22 வரை வாங்கியது என்றால் திருப்பித் தாருங்கள். 0312-1 என்று தெளிவாகத் தெரிந்தால் அது நல்ல லாட்.

இந்த லாட்டில் புளிப்பு குறைந்துவிட்டது. தவறு எங்களுடையது. இதனால் உயிருக்கு ஆபத்தான நச்சு உண்டாகலாம். பார்க்க நன்றாக இருந்தாலும் ருசி பார்க்காதீர்கள், முகராதீர்கள், சூடாக்கிப் பயன்படுத்தாதீர்கள்.

சாப்பிட்டவர்களுக்குக் கண் இமை சரிதல், இரட்டையாகத் தெரிதல், பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், மூச்சுத் திணறல் எது வந்தாலும் உடனே 108-க்குக் கூப்பிடுங்கள் அல்லது சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். இந்த அறிவிப்பைக் காட்டுங்கள்.

பாட்டிலைத் திறக்காமல் இரண்டு கவரில் கட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, வாங்கிய கடையில் கொடுங்கள். பில் வேண்டாம், முழுப் பணம் கிடைக்கும். வெளியூரில் இருந்தால் போட்டோ அனுப்புங்கள். வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் அவர்களுக்கு இன்றே சொல்லுங்கள். எங்களிடம் பதில் கிடைக்காவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915.

கீழே என் பெயர், போன் எண், தேதி.

ஜாடிக்கு மாற்றியவர்களும் ஏற்கனவே திறந்தவர்களும் கூப்பிட்டபோது ஒன்று சேர்த்துச் சொன்னேன்: தொட்டியில் கொட்டிக் கழுவாதீர்கள், ஜாடியோடு கட்டிக் கொடுங்கள், அதற்கும் விலை தருகிறேன். சிந்திய இடத்தை ப்ளீச்சிங் கரைசலால் துடையுங்கள், கரண்டியைச் சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவுங்கள்.

ஆறாம் படி: கணக்கை முடியுங்கள்

அறிவிப்பு ஒட்டியதோடு வேலை முடிந்துவிடாது. 37-க்கும் ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொன்றாக நிரப்பினேன். மூன்று வாரத்தில் 19 பாட்டில் திரும்பி வந்தது. 4 பேர் போட்டோ அனுப்பினார்கள். 8 வீடுகளில் தின்று முடித்திருந்தார்கள். மிச்சம் 6. ஆறும் ஏரிக்கரைக் கடையில் சுற்றுலா வந்தவர்கள் வாங்கியவை. யூ.பி.ஐ. பட்டியலில் சில பெயர்கள் இருந்தன, போன் எண் இல்லை.

திரும்பி வந்தவற்றை நானாக எங்கும் கொட்டவில்லை. எண்ணி, லாட் எண்ணைக் குறித்து, பூட்டிய அறையில் வைத்து, அலுவலர் சொன்ன நாளில் அவர் முன்னிலையில் அழித்து, அந்தத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். யாராவது பின்னால் கேட்டால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

லாட் எண் இப்போது மூடியில் இல்லை. லேபிளிலேயே அச்சாகிறது, இரண்டாவது வாணலி என்றால் லேபிளின் ஓரத்தில் காகிதம் குத்தும் கருவியால் ஒரு ஓட்டையும் போடுகிறேன். எண்ணெய் பட்டாலும் ஓட்டை அழியாது, கண் மங்கியவர்கள் விரலால் தடவியே தெரிந்துகொள்ளலாம். பத்து நாள் வைத்திருந்து, அரைத்துப் பார்த்து, 4.2-க்குக் கீழே இருந்தால்தான் பாட்டில் கடைக்குப் போகிறது.

அந்த லாட்டின் பயன்பாட்டுக் காலம் ஆறு மாதம், ஜூன் 3 வரை. ஏரிக்கரைக் கடை அறிவிப்பை அதுவரை எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மழைச் சாரலில் எழுத்துக் கரைந்து போகிறது என்பதால் மாதத்துக்கு ஒருமுறை புதிதாக ஒட்டுகிறேன். மார்ச்சில் ஓசூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். மறுபடி ஏற்காடு வந்தபோது கடையில் அறிவிப்பைப் பார்த்தாராம், வீட்டு அலமாரியில் பாட்டில் திறக்காமல் இருந்ததாம். கட்டத்தில் அந்த ஆறு, ஐந்தாக மாறியது.